அஞ்சலட்டையில் காலனித் தெரு

ஈரம் காயாத நீல மையின்மேல் ஆயாவின் விரல் நிற்கிறது, இதுல எதுடி காலனி என்று கேட்கிறாள், அனுப்புநர் முகவரியில் அந்தச் சொல்லைக் காட்டுகிறேன், அவள் அழுத்தித் தொட மை கலங்கிப் பரவுகிறது, கலங்கட்டும், இருக்குதில்ல, அது போதும் என்கிறாள், வெளியே வெயில், அல்லது அது வேறொரு நாளின் வெயிலா, சித்தப்பா ரயில்வேயில் சேர்ந்து நகரத்தில் ஃப்ளாட் வாங்கிய பிறகு போனில் ஒரே பேச்சு, வீட்டப் பூட்டு, ரேஷன் கார்டை இங்க மாத்திக்கலாம், முதியோர் பணத்துக்கும் இங்கயே எழுதிக் குடுக்கலாம், ஆயா மறுக்கத் தொடங்கினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவார், அதனால்தான் கடிதம், இன்லேண்டு லெட்டர் வாங்கியாரட்டா ஆயா என்றால், நான் இன்னா களவாணித்தனமா பண்றேன், தொறந்தே போவட்டும் என்கிறாள், எங்கள் வம்சத்தின் முதல் டிகிரி என்னுடையது, அதை வைத்து நான் உருப்படியாக எழுதியது அந்த அட்டை ஒன்றுதான்.

மவனே மதியழகா, நீ கூப்ட்டதே சந்தோசம், நான் வரல, போன தபா அங்க வந்தப்ப பக்கத்து வூட்டம்மா பனையந்தாங்கல்ல எங்கன்னு கேட்டுச்சு, காலனிதான்மான்னேன், அன்னியோட அது உன் வூட்டு வாசப்படி மிதிக்கல, ஆளு வந்தா நீ என்னை உள்ரூம்ல தள்ளிக் கதவச் சாத்துன, கோவமில்ல, சாத்துன கதவுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது, நான் செத்தா உங்கப்பன் பக்கத்துல பொதைங்க, எரிக்காதீங்க, அவ்ளோதான்.

அட்டையை அங்கே வாட்ச்மேன் படித்திருக்கிறான், சித்தப்பா என்னைக் கூப்பிட்டார், படிச்ச புள்ளதான நீ, ஊரே படிக்கிற கார்டுலயா எழுதுவ, மானம் போச்சு, யாரோட மானம் சித்தப்பா என்றேன், வைத்துவிட்டார், பிறகு ஆயாவுக்கு வாதம் வந்து வாய் கோணியபோது நான் வேலைக்கான தேர்வெழுத வெளியூர் போயிருந்தேன், வாய் பேசாதவளால் மறுக்க முடியாதே, சித்தப்பா ஆம்புலன்ஸோடு வந்தார், நிலைக்கட்டையைப் பிடித்திருந்த கையை விரல் விரலாகப் பிரித்தார்களாம், காலனியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிச் சொல்லி அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை, பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே போகிறேன், கனவில் போவதுபோல ஊர்கள் பின்னால் ஓடுகின்றன, போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது, மின் மயானம், ஒரு சின்னப் பானைச் சாம்பல், கடைசியில ஃப்ளாட்டுக்கு வந்துட்டாளே உன் ஆயா என்கிறார் சித்தப்பா, வந்தாளா, தூக்கிட்டு வந்தீங்க, பொதைக்கச் சொல்லித்தான எழுதுனா என்கிறேன், அங்க போய்ப் பொணத்த எடுத்தா என் ஆபீஸ்காரங்க எல்லாம் அந்தத் தெருவுக்கு வருவாங்கடி, புரியாதா உனக்கு.

புரிகிறது, கீழே கேட்டில் ஒட்டியிருக்கிறது அஞ்சலித் தாள், ஆயாவின் படம், திருமதி சின்னபொண்ணு, பனையந்தாங்கல், அவ்வளவுதான், பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் கீழே காலனித் தெரு என்று எழுதுகிறேன், பளபளக்கும் தாளில் மை காயவில்லை, ஓடிவருகிறார் சித்தப்பா, ஆட்கள் பார்க்கிறார்கள், அழிடி, அழிச்சிடு, நான் நகரவில்லை, அவரே விரலை வைத்துத் தேய்க்கிறார், அழுத்தி அழுத்தி, ஈரம் காயாத நீல மை கலங்கிப் பரவுகிறது, சொல் போகவில்லை, அவர் விரல் முழுக்க நீலம்.