திங்கட்கிழமை மூச்சு

அந்தப் பஞ்சு மில்லில் நுரையீரல் சோதனை என்று வருடத்துக்கு ஒருமுறை குழாயில் ஊதச் சொல்வார்கள், அதுவும் சனிக்கிழமை காலையில், வேலை தொடங்குமுன். "எல்லாரும் நார்மல்" என்று மேஸ்திரி பல்லைக் காட்டுவார். அண்ணனும் ஐந்து வருடம் நார்மல்தான். ஆறாம் வருடம் மூச்சு குறைந்ததும், பீடியைக் கையால் தொடாதவனைப் புகைப்பழக்கம் என்று எழுதி வெளியே தள்ளினார்கள். இப்போது நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்கிறான். அதை நினைத்தாலே தங்கச்சிக்கு வயிறு எரியும்.

அவன் வேலை பார்த்த அதே அறையில்தான் அவளுக்கும் வேலை. பஞ்சைச் சீவும் பன்னிரண்டு இயந்திரங்களுக்கும் தூசியை உறிஞ்சும் குழாய் உண்டு, பேருக்கு. வடிகட்டும் பை அடைத்துக்கொண்டதென்று மேஸ்திரி அதை மூடிவிட்டார். படிந்த தூசியையோ காற்றுப் பம்பால் ஊதித் தள்ளச் சொல்வார். சும்மா கிடந்தது எழும்பி நேராக நெஞ்சுக்குள் போகும். துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு என்ன பிரயோஜனம்?

திங்கட்கிழமை மதியத்துக்குள் அவளுக்கு நெஞ்சு இறுகிவிடும். வாரம் போகப் போகக் கொஞ்சம் தேவலை. புதிதாக வந்த நர்ஸிடம் அதைச் சொன்னாள்.

"லீவு முடிஞ்சு வர்ற நாள்தான் மோசம்க்கா. அன்னிக்கு வேலைக்கு முன்னாடி ஒரு தடவ, முடிஞ்சதும் ஒரு தடவ ஊதணும். சனிக்கிழம காலையில ஊதினா என்னத்த தெரியும்?" என்றாள் நர்ஸ்.

தங்கச்சிக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருடம் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள்!

அடுத்த திங்கள் காலை, வேலைக்கு முன், அறையிலிருந்த பன்னிரண்டு பேரையும் குழாயில் ஊத நர்ஸின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கத்திக்கொண்டு ஓடி வந்தார் மேஸ்திரி.

"யாரைக் கேட்டு?"

"இப்ப உங்களத்தான் கேக்கறேன். பயமில்லன்னா நீங்களும் ஊதுங்க" என்றாள் தங்கச்சி.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வீம்புக்கு ஊதினார்.

மாலையில் மறுபடி ஊதினார்கள். முதல் நொடியில் அவள் வெளிவிட்ட காற்று காலையில் இரண்டு புள்ளி ஆறு லிட்டர், இப்போது இரண்டு புள்ளி இரண்டு. ஏழு பேருக்கு அப்படித்தான். எல்லோரையும்விட அதிகமாக இறங்கியிருந்தது மேஸ்திரிக்கு. இருபது வருடம் அதே அறையில் நின்றவர் ஆயிற்றே.

அவர் முகம் செத்துப்போயிற்று. நர்ஸ் காதருகே குனிந்தார். "என் பேர மட்டும் அடிச்சிடும்மா. வெளிய தெரிஞ்சா என்னையும் அனுப்பிடுவாங்க."

தங்கச்சிக்கு அது கேட்டுவிட்டது. "எங்கண்ணன அனுப்புனப்ப இந்தப் பயம் எங்க போச்சு? அடிக்காதீங்க நர்ஸம்மா. தொழிற்சாலை ஆய்வாளருக்குப் போற காயிதத்துல இவர் பேருதான் முதல்ல இருக்கணும்."

மறுநாள் காலை ஓர் இயந்திரமும் ஓடவில்லை. பையை மாற்றி, குழாயைத் திறந்து, காற்றுப் பம்புக்குப் பதிலாக உறிஞ்சும் மெஷின் வரும்வரை ஓடாது என்று பன்னிரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மேலாளர் மேஸ்திரியை விரட்டினார்: "போய் ஸ்விட்சப் போடுய்யா!"

மேஸ்திரி அறைவாசல்வரை போனார். உள்ளே கால் வைக்கவில்லை.