பாதுகாப்பாகத் தங்கியிருக்கிறார்

மன்னிப்புக் கடிதத்தின் முதல் வரியிலேயே முதலாளியம்மா பொய் எழுதியிருந்தாள். 'எதிர்பாராத போக்குவரத்து நெரிசல் காரணமாக' என்று.

பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்த சுருட்டை சிரித்தாள். மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்பவள் அவள். தன் தலைமுடியை மட்டும் இன்னும் வழிக்குக் கொண்டுவர முடியாததால் அந்தப் பெயர்.

"அக்கா, அந்தக் கல்யாணப் பொண்ணு நேத்து ரெண்டு மணி நேரம் நம்ம கோடுவுக்கு முன்னாடி மூஞ்சிய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. வீங்கின கைய அவ்வளவு பக்கத்துல பார்த்தவகிட்ட போய் டிராஃபிக்குன்னு சொல்றீங்க. காறித் துப்பாது?"

முதலாளியம்மா அந்த வரியை அழித்தாள்.

கோடு கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் படுத்திருந்தாள். கண்ணுக்கு மை தீட்டினால் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி வரும் என்பதால் கடையில் எல்லோருக்கும் அவள் கோடு. முந்தின நாள் பகல் ஒரு மணிக்கு மணப்பெண் வீட்டில் இருந்திருக்க வேண்டியவள், இரண்டு நாற்பதுக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். காலையில் புருஷன் அவள் தலையைக் குளியலறைச் சுவரில் மோதியிருந்தான். இடது மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருந்தான். பிறகு வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்துத் திறந்துவிடுவதற்கே பன்னிரண்டு தாண்டிவிட்டது. அதற்கப்புறமும் அரைமணி நேரம் அவள் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறாள். கன்னத்து நீலத்தின் மேல் ஆரஞ்சுப் பசை, அதன் மேல் தோல் நிறம், அதன் மேல் பவுடர். கல்யாண வீட்டுக்கு அடிபட்ட முகத்தோடு போகக் கூடாது என்பது முதலாளியம்மா எப்போதோ போட்டு வைத்த சட்டம்.

போனவள் வேலையை முடித்தாள். மணப்பெண்ணுக்கு மட்டும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் செய்ய நேரமில்லை. நான்கு மணிக்கு வெளிச்சம் இருக்கும்போது மாப்பிள்ளையோடு எடுக்க வேண்டிய படங்கள் போயே போய்விட்டன. சாயங்காலம் அங்கிருந்து நேரே கடைக்கு வந்தவள், "வீட்டுக்குப் போக மாட்டேன்க்கா" என்றாள். முதலாளியம்மா சாமான் அறையில் பாயை விரித்துக் கொடுத்தாள்.

இன்று காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப் கல்யாணக் குழுவில் மணப்பெண்ணின் அக்கா பொரிந்து தள்ளியிருந்தாள். எங்கம்மா கல்யாணப் படத்துல எண்ணெய் வழியுற முகத்தோட நிக்கிறாங்க, இதுக்கா இவ்வளவு காசு வாங்கினீங்க என்று. அதன் கீழே மணப்பெண் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'நேத்து வந்தவங்க இப்போ எப்படி இருக்காங்க?'

"தனியா அனுப்பிடுங்களேன்" என்றாள் சுருட்டை.

"குழுவுல கேட்டதுக்குக் குழுவுலதான் பதில். தனியா மன்னிப்புக் கேட்டா மறைக்கிற மாதிரி ஆயிடும்."

பன்னிரண்டு வருஷத் தொழிலில் அவள் விடாமல் கடைப்பிடித்த வழக்கம் அது. முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எழுதினாள்.

'அன்பு மணமகளுக்கு, நேற்று ஒரு மணிக்கு வர வேண்டிய எங்கள் ஒப்பனைக் கலைஞர் ஒரு மணி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். அவரால் வர முடியவில்லை என்று தெரிந்ததுமே வேறொருவரை அனுப்பியிருக்க வேண்டியது என் பொறுப்பு. நான் அதைச் செய்யவில்லை. உங்கள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒப்பனை நடக்கவில்லை. நீங்கள் ஆசைப்பட்ட படங்களை எடுக்க முடியவில்லை. அந்த நாள் திரும்பி வராது என்பது எனக்குத் தெரியும். மனதார மன்னிப்புக் கேட்கிறேன்.

அம்மா, அக்கா இருவருக்கான கட்டணம் முழுவதையும், உங்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கையும் இன்றே திருப்பி அனுப்புகிறேன். விட்டுப்போன படங்களை வேறொரு நாள் எடுக்க விரும்பினால், நானே வந்து மூவருக்கும் கட்டணமின்றி ஒப்பனை செய்கிறேன். நீங்கள் அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் பணம் வந்துவிடும்.'

"இது நல்லாயிருக்கு" என்றாள் சுருட்டை. "சாக்குப்போக்கு இல்ல."

"அந்தப் பொண்ணு இவளைப் பத்திக் கேட்டுச்சே. அதுக்குப் பதில் சொல்லலைன்னா, நாம இவளை வேலைய விட்டுத் துரத்திட்டோம்னு நினைச்சிடும்."

முதலாளியம்மா கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'கலைஞரை விசாரித்ததற்கு நன்றி. அவர் நலம். எங்கள் கடையிலேயே பாதுகாப்பாகத் தங்கியிருக்கிறார்.'

அனுப்பினாள். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. டீக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். கைபேசி ஒரு முறை சிணுங்கியது. சுருட்டை எட்டிப் பார்த்தாள்.

"யாரு?"

"வேன். 'வரேன்'னு போட்டிருக்கு."

"சரி" என்றாள் முதலாளியம்மா.

எந்தக் குழுவில் எந்தத் தேதி போட்டாலும் வேன் 'வரேன்' என்றுதான் பதில் போடும். பெட்டிகளையும் விளக்குகளையும் ஏற்றிப்போகிற வண்டி என்பதால் ஒவ்வொரு கல்யாணக் குழுவிலும் அதுவும் இருக்கும். வேன் எத்தனை மணிக்கு, வேன் எங்கே நிக்குது, வேன்கிட்ட சொல்லிட்டியா. மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

அப்போது கைபேசி அடித்தது. மணப்பெண்.

"சொல்லுங்கம்மா. மெசேஜ் பார்த்தீங்களா?"

"மேடம், இன்னைக்கு உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?"

"இல்லையேம்மா. இன்னைக்குக் கடை லீவு."

"அப்போ வேன் எதுக்கு வருது?" மணப்பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "நேத்து அவங்க போன் மேசை மேல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. முப்பது தடவை இருக்கும். வேன் வேன்னே வந்துச்சு. எடுங்களேன்னு சொன்னேன். அது வேன் இல்ல, என் வீட்டுக்காரர்னாங்க. மேடம், அவங்க எங்க இருக்காங்கன்னு நீங்க அந்த ஆளுக்கே சொல்லிட்டீங்க. நான் போலீசுக்குச் சொல்லிட்டேன். கதவைப் பூட்டுங்க."

முதலாளியம்மாவுக்குச் செய்தியை அழிக்க விரல் போனது. அழித்து என்ன ஆகப்போகிறது, அவன் படித்தாகிவிட்டது. மாடிக் கடைக்குக் கீழே, மருந்துக்கடை வாசலில் வண்டி ஒன்று பிரேக் போட்டுத் தேய்த்து நின்றது.

"சுருட்டை, கதவு!"

கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாள் சுண்டுவிரல் தடிமன்தான். இருவரும் ஒப்பனை நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். சாமான் அறையிலிருந்து கோடு எட்டிப் பார்த்தாள். ஒப்பனை கலைந்த கன்னம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

"உள்ள போ! கழிவறைக்குள்ள போய்ப் பூட்டிக்க!"

படியில் காலடிச் சத்தம். அவன் கையில் சக்கரம் கழற்றுகிற இரும்பு இருந்தது. முதலில் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தான்.

"அக்கா, என் பொண்டாட்டிய அனுப்புங்க. புள்ள சாப்பிடாம இருக்கு."

அவர்களுக்குப் பிள்ளையே கிடையாது.

"போலீஸ் வருது. போயிடு" என்றாள் முதலாளியம்மா.

"வரட்டும். எம்பொண்டாட்டிதானே? ஊரான் பொண்டாட்டியையா கேக்குறேன்?"

இரண்டாவது அடியில் கதவு முழுக்க உதிர்ந்தது. அவன் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். சுற்றிலும் விளக்கு வைத்த பெரிய கண்ணாடியை ஒரே வீச்சில் அடித்தான். பல்புகள் வரிசையாக வெடித்தன. முதலாளியம்மா முடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை எடுத்து அவன் கண்ணைப் பார்த்துப் பீய்ச்சினாள். அவன் குருட்டுத்தனமாக இரும்பைச் சுழற்றினான். அது அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. வலி வர ஒரு கணம் பிடித்தது. வந்தபோது முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சுருட்டை கத்தவில்லை. லீவு நாளிலும் ஒரு வாடிக்கைக்காரியின் பொய்முடியைச் சீராக்கவென்று காலையிலிருந்தே சூட்டில் வைத்திருந்த சுருட்டும் கம்பியை உருவினாள். அவன் முழங்கையைப் பிடித்து, உள்பக்கத்துச் சதையில் வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கும் நாற்றம் எழுந்தது. அவன் ஊளையிட்டான். இரும்பு தரையில் விழுந்தது. மறு கையால் அவள் வாயில் குத்தினான். சுருட்டை கண்ணாடித் தூளின் மேல் சரிந்தாள்.

"எங்கடி இருக்க? வெளிய வா! வரலைன்னா இவளுங்க ரெண்டு பேரையும் இங்கயே கொன்னுடுவேன்!"

கழிவறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"வராதே!" என்று முதலாளியம்மா கத்தினாள். குரல் பாதிதான் வந்தது.

கோடு வந்தாள். அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து மேசை வரை இழுத்தான். முகத்தை மேசையில் ஒரு முறை அறைந்தான். பிறகு அவளுடைய நல்ல கையை, மை தீட்டுகிற வலது கையை, மேசை விளிம்பில் வைத்துப் பிடித்தான்.

"இந்தக் கையாலதானே சம்பாதிக்கிற?"

அவன் குனிந்து இரும்பைத் தேடினான். முதலாளியம்மா ஒரு கையால் தவழ்ந்துபோய் அதன் மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். அவன் அவள் விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். அவள் எண்ணவில்லை. இரும்பின் குளிர்ச்சி மட்டும் வயிற்றில் தெரிந்தது. அதை விடவில்லை. மருந்துக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் மேலே ஏறி வந்து அவனைக் கீழே தள்ளி முதுகில் உட்கார்ந்தபோது, கோடுவின் கை முழுசாக இருந்தது.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் மூன்று பேரும் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தார்கள். சுருட்டைக்கு முன்பல் இரண்டு போயிருந்தன. "இனிமே என்னைப் பொக்கைன்னு மாத்திக் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்க முடியாமல் அழுதாள். முதலாளியம்மாவுக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை கட்டு. கோடுவின் உதட்டில் நான்கு தையல்.

பெண் போலீஸ் ஒருத்தி குறிப்பேட்டோடு வந்தாள்.

"அவன்கிட்ட வாக்குமூலம் வாங்கியாச்சு. பொண்டாட்டியக் கூப்பிட்டுப்போகத்தான் வந்தேன், இவங்கதான் கண்ணுல மருந்தடிச்சுச் சூடு வெச்சாங்கங்கிறான். நீங்க ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க. இவங்க உங்க கடையில இருக்காங்கன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கோடு தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

முதலாளியம்மாவுக்குத் தப்பிக்க வழி இருந்தது. யாரோ பார்த்திருக்கலாம் என்று சொல்லலாம். பின்தொடர்ந்து வந்திருக்கலாம் என்று சொல்லலாம். முதல் வரியில் நெரிசல் என்று எழுதிய அதே கை.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "மணப்பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்தக் குழுவுல அவனும் இருந்தான். வேன் ஓட்டுறது அவன்தான்ங்கிறது எனக்கு நினைப்புலயே வரலை." பிறகு கோடுவின் கட்டிலைப் பார்த்து, "என் தப்பும்மா. உனக்கு என்ன செய்யணும்னு நீ சொல்லு. வேற வீடு பார்த்துத் தரேன். சம்பளம் நிக்காது. வக்கீல் வெக்கிறேன்" என்றாள்.

கோடு குறிப்பேட்டின் பக்கம் திரும்பினாள். பேசினால் தையல் இழுத்தது.

"எழுதிக்கிட்டீங்களா மேடம்?" என்று போலீஸைத்தான் கேட்டாள். "அவங்க சொன்னத அப்படியே எழுதுங்க. கையெழுத்து வாங்கிக்குங்க."

முதலாளியம்மா இடது கையால் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டாள். மணப்பெண் வெளியே காத்திருப்பதாக நர்ஸ் வந்து சொன்னாள். நேற்றுக் கல்யாணமான பெண், முகத்தில் துளி ஒப்பனைகூட இல்லாமல், ஒரு காரோடு வந்திருந்தாள். சாட்சி சொல்லத் தயார் என்று போலீஸிடம் சொன்னாளாம். முதலாளியம்மாவைப் பார்க்க உள்ளே வரவில்லை. கோடுவை மட்டும் கூட்டிப்போக நின்றாள்.

கோடு மெல்ல இறங்கிச் செருப்பைத் தேடினாள். முதலாளியம்மா, "எங்கம்மா போற? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்றாள்.

"அதத்தான் சொல்ல மாட்டேன்க்கா."

கோபமாகச் சொல்லவில்லை. கை நீட்டி, தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள். "நீங்க எனக்காக உதை வாங்கினீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. என்ன செய்யணும்னு கேட்டீங்கல்ல, இதச் செய்யுங்க."

முதலாளியம்மா தலையை ஆட்டினாள். கட்டில் ஜன்னலோரம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வாசலும் வண்டிகள் திரும்புகிற சாலையும் தெரியும். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்தாள். காரின் கதவு சாத்தப்பட்டது. வண்டி கிளம்பியது. எந்தப் பக்கம் திரும்பியது என்பது காதில் பட்டுவிடுமோ என்ற பயத்தில், போர்வையை இழுத்துக் காதோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.