ஏழை எடுத்துடலாம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஞாபகத்தை நம்பக் கூடாது என்பதற்காகத்தான் எங்கள் ஆய்வுக் குழு வாராவாரம் கூட்டக் குறிப்பு எழுதியது. ஆனால் நான் சொல்லப்போவதே அந்தக் குறிப்பு செய்த வேலையைப் பற்றித்தான். ஆகவே என் ஞாபகத்தையே நம்பித் தொடங்குகிறேன்.

பொத்தான் அளவில் இருக்கும் சிறிய பேட்டரி செல்களைச் செய்து, சோதனைக் கருவியில் மாட்டி, சாகும்வரை சார்ஜ் ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். ஒரு தடவை ஏற்றி இறக்கினால் ஒரு சுற்று. கருவியில் எட்டுச் சேனல்கள், அதாவது செல் மாட்ட எட்டு இடங்கள். ஆட்களைவிடச் செல்களுக்குத்தான் அங்கே இடப் பஞ்சம்.

குழுவில் மூத்தவர் அக்கா. வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படிப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவருடைய ஏழாம் நம்பர் செல் மட்டும் தொள்ளாயிரம் சுற்றை நெருங்கியும் சோர்ந்துபோகாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் சுற்றைக் காட்டினால்தான் கட்டுரையை ஏற்போம் என்று ஆய்வுப் பத்திரிகையிலிருந்து எழுதியிருந்தார்கள். கட்டுரை வந்தால்தான் பட்டம். செல் செத்தால் புதிதாகச் செய்து முதலிலிருந்து மூன்று மாதம் ஓட்ட வேண்டும். உதவித்தொகையோ அடுத்த மாதத்தோடு நிற்கிறது.

மற்ற இருவர் புயலும் சுருக்கமும். புயல், சொல்வதற்கு முன் செய்து முடித்துவிடும் பெண். தன் புதிய செல்லை மாட்ட ஒரு சேனல் காலியாகாதா என்று பேருந்து நிறுத்தத்தில் நிற்பவள் மாதிரி கருவி அருகிலேயே நிற்பாள். சுருக்கம் எதையும் முழுதாக எழுத மாட்டான். தன் பெயரையே முதலெழுத்தோடு முடித்துக்கொள்வான். குறிப்பெழுதுவது முறைவைத்து வரும் வேலை. அந்தத் திங்கட்கிழமை அவன் முறை.

அன்று அக்கா திரையில் வரைபடங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பேராசிரியர், அதாவது சார், நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தபடி, "ஏழை எடுத்துடலாம்" என்றார். பிறகு ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு மௌனம் பிடிக்கும். அதனால் அதைக் கலைத்து என்ன ஏது என்று கேட்கவில்லை. மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம்.

அடுத்த திங்கட்கிழமை, வழக்கப்படி சுருக்கம் போன வாரக் குறிப்பை வாசித்தான்.

"முடிவு: ஏழை எடுத்துடலாம். தரவு: வழக்கமான இடம்."

"முடிஞ்சுது சார்!" என்றாள் புயல்.

"எது முடிஞ்சுது?" அக்கா நிமிர்ந்தார்.

"ஏழாவதை எடுத்தாச்சுக்கா. அன்னிக்கே. காத்துப் படாம குளோவ் பாக்ஸ் பெட்டிக்குள்ள வெச்சு பிரிச்சும் பார்த்தாச்சு. உள்ள ஒரே கறுப்பு."

"பிரிச்சியா? என் ஏழையா?"

"ஏழையும் இல்ல, பணக்காரனும் இல்ல. குறிப்புல இருந்தது, செஞ்சேன்."

"நானும் எடுத்துட்டேனே," என்றான் சுருக்கம், யாரும் கேட்காமலே. "கட்டுரைப் படத்துலேர்ந்து ஏழாம் செல் கோட்டை. மத்ததோட ஒட்டாம தனியா மேல நின்னுது. அதைத்தான் சார் எடுக்கச் சொல்றார்னு..."

"அடப் பாவிங்களா! நான் 'எடுத்துடலாம்'னா எடுத்துக்கலாம்னு நெனச்சேன். அதையே முக்கிய முடிவா வெச்சு ஒரு வாரமா ரெண்டு அத்தியாயம் எழுதியிருக்கேன்!"

நால்வரும் சாரைப் பார்த்தோம். சார் என்னைப் பார்த்தார். "நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. நான் என்ன சொன்னேன்?"

"ஏழை எடுத்துடலாம்னு சொன்னீங்க சார்."

"அப்புறம்?"

"அப்புறம் பேசாம இருந்தீங்க."

"அது சரி. நீங்க எப்பவும் அதைத்தான் கவனிப்பீங்க."

அக்கா பகிர்வுக் கோப்புறையைத் திறந்தார். ஏழாம் செல்லின் தரவு போன திங்கட்கிழமையோடு நின்றிருந்தது. கருவியிலிருந்து பகிர்வு இடத்துக்கு அவரேதான் வாராவாரம் நகலெடுத்துப் போடுவார். எழுத்து மும்முரத்தில் இந்த வாரம் போடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. சாவுத் தேதியைப் பார்ப்பதுபோல எல்லோரும் அதையே பார்த்தோம்.

அக்கா மறுபடி ஓட்ட எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட, செல் எப்போது மாட்டப்பட்டது என்று பழைய குறிப்புகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. தங்கை கல்யாணத்துக்காக அவர் லீவில் இருந்த வாரம்.

"டேய், 'ஸ்ப்.லூ. செ7>சே3'. இது என்னடா, மந்திரமா?"

சுருக்கம் தன் எழுத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "ஸ்பிரிங் லூஸ்... அக்கா! ஏழாம் சேனல்ல ஸ்பிரிங் லூஸா இருந்தது. உங்க செல்லை மூணாம் சேனலுக்கு மாத்தினேன். அங்க இருந்த மூணாவது ஏற்கெனவே செத்துப்போச்சு. ஸ்பிரிங்கைச் சரிபண்ணி, பிடிக்குதான்னு பார்க்க அந்தச் செத்ததை ஏழுல மாட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மறந்துட்டேன்."

நகலெடுக்கும்போது செல்லின் பெயரைத் தட்டித் தேடுவதால், அது எந்தச் சேனலில் இருக்கிறது என்று அக்காவும் கவனித்ததில்லை.

"அப்ப நான் பிரிச்சது?" என்றாள் புயல். "மேல எழுதியிருந்த நம்பர் அழிஞ்சிருந்தது. ஏழாம் சேனல்ல இருக்கறது ஏழாம் செல்னு..."

"பொணத்தைப் பிரிச்சிருக்க."

"அப்ப ரெண்டு மாசமா அந்தச் சேனல் சும்மாவா இருந்தது? நான் தினம் வந்து தவம் கிடந்தேனே!"

எல்லோரும் ஓடினோம். சார்கூட ஓடினார், அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மூன்றாம் சேனலில் பச்சை விளக்கு எரிந்தது. ஏழாம் செல், தன்னை வைத்து நடந்த எந்தக் கூத்தும் தெரியாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஆயிரத்துக்குச் சில சுற்றுகளே பாக்கி. அக்கா கருவியின் தகர மூடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் அனுபவித்த மௌனங்களில் அது தலைசிறந்தது.

அதைச் சார்தான் கலைத்தார்.

"ஸ்லைடு! அன்னிக்குத் திரையில ஓட்டினதுல ஏழாம் ஸ்லைடைச் சொன்னேன். அதுல எழுத்து ரொம்பப் பொடியா இருந்தது. கண்ணுக்கே தெரியல."

அன்றைய குறிப்பை நானே எழுதினேன். 'இனி இக்குழுவின் குறிப்புகளில் எடு என்ற வினைச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது' என்று முடிவு செய்தோம். "நல்லது, இதை ஒரு போட்டோ எடுத்துடலாமா?" என்றாள் புயல். நாங்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் போனை உள்ளே வைத்துவிட்டாள்.

ஏழாம் செல் ஆயிரத்தைத் தாண்டி, ஆயிரத்து நாற்பதில் களைத்துப்போனது. கட்டுரை வந்தது, சுருக்கம் அழித்த கோடுதான் அதில் முதல் படம். அக்கா பட்டம் வாங்கி ஒரு பேட்டரி தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே அவரை எல்லோரும் மேடம் என்கிறார்கள். புயலுக்கு ஏழாம் சேனல் கிடைத்தது. ஸ்பிரிங் மறுபடி லூஸாகி அவள் செல் பாதியில் நின்றது, இப்போது இரண்டாவது ஓடுகிறது. சுருக்கம் ஒரு மருந்து நிறுவனத்தில் வழிமுறைக் கையேடுகள் எழுதுகிறான், முழு வாக்கியங்களில். சார் ஓய்வு பெற்றுவிட்டார். நான் அதே ஆய்வகத்தில் இருக்கிறேன். கூட்டக் குறிப்பு நிரந்தரமாக என் பொறுப்பு.