தடை என்ற கட்டம்

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் டிப்போ ஓய்வறையில் இது மூன்றாவது வகுப்பு. ஓட்டுநர்களில் பாதிப்பேர் இன்னும் ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. அதில் முதல் ஆள் அவளுடைய சொந்த அண்ணன். இன்றைக்கு அவனுக்கு நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. ஓடுகிற வண்டியில் அவன் சாய்ந்தால் பயணிகள் கதி என்ன?

ஒருவர் மருந்தை ஏன் எடுக்கிறார், ஏன் விடுகிறார் என்று பார்க்கும் 'உடல்நல நம்பிக்கை மாதிரி'யை வைத்துத்தான் அவள் பாடத்திட்டம் போட்டிருந்தாள். நமக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், மாத்திரையால் என்ன நன்மை, போட என்ன தடை, நம்மால் முடியுமா, எது நினைவூட்டும் என்று ஆறு கட்டங்கள். மேலதிகாரிக்குப் பிடித்தது இரண்டாவது கட்டம் மட்டும். "நல்லா பயமுறுத்தும்மா" என்று பக்கவாதப் படங்களாக அனுப்பி வைத்தார். தடை என்ற கட்டத்தில் அவள் மேசையில் உட்கார்ந்தபடியே 'அறியாமை' என்று எழுதியிருந்தாள். பழக்கத்தை மாற்றுவதில் யார் எந்தப் படியில் இருக்கிறார் என்று குறிக்கும் தாளில் அண்ணன் பெயருக்கு நேரே, 'இன்னும் யோசிக்கவே தொடங்காதவர்'.

படங்களைக் காட்டினாள். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பொறுமை போய்விட்டது. "அண்ணா, உனக்கு உசுரு மேல ஆசையே இல்லையா? ஏன்தான் போட மாட்டேங்கிற?"

"ஒரு வாரம் போட்டேனே."

"அப்புறம்?"

அண்ணன் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தான். "காலைல போட்டா மணிக்கு மூணு தடவ ஒண்ணுக்கு வருது. ரெண்டரை மணி நேர ரூட்டு. நடுவுல அறுபது பேர உக்கார வச்சிட்டு எங்க போய் நிக்கிறது? கடைசி ஸ்டாப்ல இருக்கிற கக்கூஸும் பூட்டியே கிடக்கு."

"எனக்கும் அதேதான்" என்றார் ஒருவர். பின்னால் நாலைந்து கைகள் எழுந்தன.

அவளுக்கு முகம் சுட்டது. "இத ஏன் இத்தன நாளா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீ பாடம் எடுத்த."

அன்றே டாக்டரிடம் போய்ச் சண்டை போடாத குறையாகப் பேசினாள். அவர் ஒவ்வொருவராகச் சோதித்து, சிறுநீரைக் கூட்டாத வேறு மாத்திரை ஒத்துக்கொள்பவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார். கழிப்பறைச் சாவிக்கு டிப்போ மேலாளரிடம் நாலு நடை நடந்து வாங்கினாள். மூன்றாவது வாரம் அண்ணனுக்கு நூற்றுமுப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. அவள் இன்னொரு தடவை அளந்து பார்த்தாள். கண் கலங்கியதை அவனுக்குக் காட்டாமல் அவன் கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றிச் சுருட்டினாள்.

மேலதிகாரி போனில் குதூகலித்தார். "பாத்தியா, படம் வேலை செஞ்சிருச்சு! அடுத்த டிப்போவுக்கு இன்னும் இருநூறு அனுப்புறேன்."

"படம் வேணாம் சார்" என்றாள். "முதல்ல ஒரு நாள் சும்மா போய் உக்காந்து கேட்டுட்டு வர்றேன்."

"கேக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? தடைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல அறியாமைன்னு போட்டுக்க."