நாலாம் கிணற்றின் பச்சை விளக்கு

வெள்ளிக்கிழமை மதியம்தான் சரியான நேரம் என்று சாந்தகுமார் சொல்லியிருந்தார். ஜும்மா தொழுகைக்காக ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கழிவுநீர் வரத்து நின்றுவிடும். பம்புகளும் சும்மா இருக்கும். தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்துக்கு அவர் மேலாளர். ஊரைச் சுற்றியிருந்த ஏழு சேகரிப்புக் கிணறுகளும் அவர் பொறுப்பில் இருந்தன.

ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே கட்டைவிரல் அளவு மைக்ரோகன்ட்ரோலரும், சிம் போட்ட ஒரு மோடமும் இருக்கும். கிணற்றில் விஷவாயு இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இருந்தால் சிவப்பு விளக்கும் சைரனும், இல்லாவிட்டால் பச்சை. அந்தப் பெட்டிகளுக்கு நிரல் எழுதியவள் எழிலரசி. வேலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. அது 2008, மழைக்காலம் தொடங்கியிருந்தது.

முந்தின வாரம் ஆபீஸ் மேசையில் ஒரு பெட்டியைச் சோதித்தபோது சென்சார் கம்பி தற்செயலாகக் கழன்றுகொண்டது. விளக்கு பச்சையாகவே எரிந்தது. கம்பி அறுந்தால் மின்சாரம் வராது. மின்சாரம் வராததை அவளுடைய நிரல் ‘வாயு பூஜ்யம்’ என்று எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பி அறுந்தால் சிவப்பு எரியும்படி புதிய பதிப்பை எழுதி, இன்று நிலையத்துக்கே வந்து கணினி முன் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏழு கிணத்துக்கும் ஒரே தடவையா அனுப்பிட முடியாதாமா?” என்றார் சாந்தகுமார்.

“வேணாம் சார். ஒண்ணு ஒண்ணா போவோம். ஒண்ணு சொதப்புனா மத்ததாவது பொழைக்கும்.”

நிரல் துண்டு துண்டாகக் காற்றில் போய்ப் பெட்டியின் காலி இடத்தில் சேரும். இது என் போர்டுக்கானதா, இப்போது இருப்பதைவிடப் புதியதா, ஒரு எழுத்தும் கெடாமல் வந்திருக்கிறதா என்று பெட்டி சரிபார்க்கும். எல்லாம் சரியென்றால்தான் புதிய பதிப்பில் எழும். எழுந்ததும் சர்வரைத் தொடர்புகொண்டு ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடி எழும். மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால், பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும். அதுவரை விளக்கு சிவப்பு. சிவப்பு அணையும்வரை யாரும் கிணற்றில் இறங்கக் கூடாதென்று சாந்தகுமார் எல்லா ஆபரேட்டர்களிடமும் சொல்லியிருந்தார்.

முதல் மூன்று கிணறுகளும் வரிசையாக ‘நல்லா இருக்கேன்’ என்றன. நாலாவது, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கிணறு, மௌனமாக இருந்தது. எழிலரசி எழுந்தாள், உட்கார்ந்தாள், ஜன்னல்வரை போய் வந்தாள். சாந்தகுமார் கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது.

கடைசியில் திரையில் வரி வந்தது. நாலாம் கிணறு, பழைய பதிப்பு, விளக்கு பச்சை.

“திரும்பிடுச்சு பாத்தியா! நீ சொன்ன மாதிரியே சேஃபா பழசுக்குப் போயிடுச்சு,” என்றார் சாந்தகுமார்.

அவளும் ஒரு மூச்சு விட்டாள். புதிய பதிப்பில் மோடம் விழித்துக்கொள்ள அவள் கொடுத்த அவகாசம் கம்மி. அந்தக் கிணற்றில் இருந்தது பழைய மாடல் மோடம், மெதுவாகத்தான் எழும். காரணம் புரிந்துவிட்டது. அப்போதுதான் வாயு அளவு கண்ணில் பட்டது. பூஜ்யம். மற்ற கிணறுகளில் இரண்டும் மூன்றுமாக எண் ஆடிக்கொண்டே இருந்தது. நாலாம் கிணற்றின் பழைய பதிவுகளைத் திறந்தாள். திங்கட்கிழமை முதல் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

“சார், அங்க கம்பி அறுந்திருக்கு. அந்தப் பச்சை பொய்.”

சாந்தகுமார் உடனே அந்தக் கிணற்று ஆபரேட்டர் சீனிவாசனுக்குப் போன் போட்டார்.

“சீனிவாசா, கெணத்துகிட்ட யாரு?”

“நம்ம ஹெல்ப்பர் சூரியபிரகாஷ்தான் சார். பம்பு கொழா அடியில ஃபுட் வால்வு அடைச்சிகினு இருக்குல்ல, பம்பு நிக்கறப்பவே எடுத்துடலாம்னு போய்ட்டான். நான் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சிவப்பு போய் பச்சை வந்தாதான் எறங்கணும்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

சீனிவாசனை உடனே கிணற்றுக்கு ஓடச் சொன்னார் சாந்தகுமார். சூரியபிரகாஷின் போன் அடித்தது, எடுக்கவில்லை. இறங்குகிறவன் சட்டையையும் போனையும் மேலே கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவான்.

சாந்தகுமாரின் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பினார்கள். பஜாரில் மாட்டுவண்டியைச் சுற்றி, பஸ்ஸை உரசி, ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் விழுந்துகொண்டிருந்தது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக ஊர்ந்தது. எழிலரசி வண்டியிலிருந்து குதித்துக் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம், ரயில் சக்கரங்களுக்கு இடையே, துண்டு துண்டாகச் சாலை தெரிந்தது.

“சார், அந்தப் பொட்டிக்கு எஸ்.எம்.எஸ். போவும்.”

“இன்னாமா சொல்ற?”

“அபாய அளவை எஸ்.எம்.எஸ்.லயே மாத்தலாம். வாயு அந்த அளவைத் தொட்டா சைரன். அளவை பூஜ்யம்னு வச்சிட்டா, அதுக்கு இப்ப தெரியறதும் பூஜ்யம். தொட்டாச்சு!”

அவள் போன் எண் அந்தப் பெட்டியில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அவசரத்தில் கடவுச்சொல் ஒருமுறை தப்பியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். பூஜ்யத்தை ஏற்காதே என்று நிரலில் எங்காவது எழுதித் தொலைத்திருக்கிறேனா? ஞாபகம் வரவில்லை. அனுப்பினாள். ரயில் போய்க்கொண்டே இருந்தது. போனையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

‘சரி’ என்று பதில் வந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டியும் கடந்திருந்தது. கேட் எழுவதற்குள் தூரத்தில் சைரன் கேட்டது. அவளுக்கு அது போதவில்லை. சத்தம் கேட்டு மேலே ஏற அவனுக்குத் தெம்பு இருக்க வேண்டுமே.

இருந்தது. சூரியபிரகாஷ் கிணற்று மூடிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். கண் சிவந்து நீர் வடிந்தது.

“பாதி ஏணி எறங்கனேன் சார். அழுகின முட்டை நாத்தம் ஜாஸ்தியா வந்துச்சு, அப்பறம் நாத்தமே தெரில. தலை சுத்துச்சு. பச்சைதானே எரியுதுன்னு இன்னும் ஒரு படி வச்சேன். அதுக்குள்ள இது கத்துச்சு, ஏறிட்டேன்.”

நாத்தம் தெரியாமல் போவதுதான் மோசம், வாயு ஏறினால் மூக்கே மரத்துவிடும் என்று சாந்தகுமாருக்குத் தெரியும். அவர் அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எழிலரசி மூடியைப் போட்டுப் பூட்டினாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். சென்சார் கம்பி முனை கறுத்து உதிர்ந்திருந்தது. சைரனை அவள் நிறுத்தவில்லை. சீனிவாசன் ஓடிவந்து, “பேஜாரா இருக்கும்மா, ஊரே பாக்குது,” என்றபோதும் நிறுத்தவில்லை.

மறுநாள் ஏழு கிணறுகளும் பூட்டியே இருந்தன. மோடத்துக்கு அவகாசத்தைக் கூட்டி, புதிய எண் போட்டு இன்னொரு பதிப்பு செய்தாள். தோற்ற பதிப்பின் எண்ணைப் பெட்டி மறுபடி ஏற்காது. ஆபீஸ் அலமாரியில் தூசி படிந்திருந்த பழைய மாடல் மோடத்தில் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். இன்னொன்றும் சேர்த்தாள்: புதிய பதிப்பு நன்றாக ஓடுகிறது என்று உறுதியானதும், பத்திரமாக வைத்திருக்கும் பழையதன்மேலும் அதையே எழுதிவிடும். இனி திரும்பினாலும் அந்தப் பொய்ப் பச்சைக்குத் திரும்பாது.

நாலாம் கிணறு ‘நல்லா இருக்கேன்’ என்றது. அபாய அளவைப் பழையபடி மாற்றி, புதுக் கம்பி போட்டு, அவளே இரண்டு முறை கழற்றி மாட்டிப் பார்த்தாள். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை.

திங்கட்கிழமை சூரியபிரகாஷ் வேலைக்கு வந்தான். வால்வு இன்னும் அடைத்தபடிதான் இருந்தது. பச்சை விளக்கை நிமிர்ந்து பார்த்தவன், ஏணியில் கால் வைக்கவில்லை.

“தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். கையில புடிக்கிற வாயு மீட்டரை வேற கயித்துல கட்டி உள்ள உட்டுப் பாத்துட்டுத்தான் எறங்குவேன். மேல கயிறு புடிக்க ரெண்டு ஆளும் வேணும்.”

“அப்படித்தான் எறங்கணும்,” என்றாள் எழிலரசி. கயிறு எடுத்துவர அவளே பம்பு அறைக்குள் போனாள்.