நீல மூட்டை

மேஸ்திரி தன் அக்காவுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் வெளிச்சுவரில் பூசி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் சுவர் முழுக்கச் சிலந்தி வலை பின்னினாற்போல மெல்லிய வெடிப்பு. மேஸ்திரிக்கு வந்ததே கோபம்!

"சுவத்துக்குத் தண்ணி அடிச்சியா இல்லையா? சும்மா வாளியைக் காட்டிட்டுப் போனியா?" என்று பூச்சுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வேளையும் அடிச்சேன். நீங்களே பாத்தீங்க. சிமெண்ட்டே சரியில்ல மேஸ்திரி. கலக்கும்போதே சூடா இருந்துச்சு, சட்டுனு இறுகுது. பூச்சுக்கு வர்ற சிமெண்ட்டு இப்படி அவசரப்படாது."

"ஆமா, நீ பெரிய கம்பெனி இன்ஜினீயர்" என்று முணுமுணுத்தபடி மேஸ்திரி மூலையில் கிடந்த வெற்று மூட்டையை உதறினார். பச்சை மூட்டை. இருபது வருஷமாக அவருக்குப் பச்சை என்றால் மெதுவாக இறுகும் பி.பி.சி. சிமெண்ட், நீலம் என்றால் சீக்கிரம் இறுகும் ஐம்பத்து மூணு கிரேடு. அஸ்திவாரத்துக்கும் பச்சைதான் போட்டார். உப்புத் தண்ணீர் ஊறும் மண்ணுக்கு அதுதான் தாங்கும், மெதுவாக இறுகினாலும் நாளாக ஆக வலுவாகும். பூச்சுக்கும் அதுதான். கூரைத் தளத்துக்கு மட்டும் சீக்கிரம் பலம் பிடிக்கட்டும் என்று நீலம் கேட்டு வாங்கினார். எழுத்தைப் படித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது. நிறத்தைக் காட்டி "அதைத் தூக்கு" என்றால் வேலை முடிந்தது.

அஸ்திவாரம் முடிந்ததும் கடைக்காரர் சிமெண்ட் கம்பெனியை மாற்றியிருந்தார். இந்தப் புதுக் கம்பெனியின் பச்சை மூட்டையில் கொட்டை எழுத்தில் ஐம்பத்து மூணு என்று இருந்தது.

மேஸ்திரி ஓடிப்போய்க் குப்பையைக் கிளறினார். தளம் போட்ட அன்றைக்கு உரித்துப்போட்ட நீல மூட்டை ஒன்று நனைந்து கிடந்தது. அதில் பி.பி.சி. என்று இருந்தது.

பி.பி.சி.யில் தளம் போடக் கூடாது என்றில்லை. தாராளமாகப் போடலாம், நல்ல தளமாகவே நிற்கும். ஆனால் பலம் பிடிக்க நாள் கொடுக்க வேண்டும், தண்ணீரும் கூடுதல் நாள் கட்ட வேண்டும். கூடமோ பதினேழு அடி அகலம், நடுவில் தாங்கச் சுவர் கிடையாது. ஐம்பத்து மூணுக்குக் கணக்குப் போட்டுப் தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்புகளைப் பதினாலாம் நாள் எடுக்கச் சொல்லியிருந்தார். தளத்தின் மேல் கட்டிய தண்ணீர்ப் பாத்தியைப் பத்தாம் நாளே உடைத்தாயிற்று.

இன்று பதினாலாம் நாள். உள்ளே டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம் கேட்டது.

"நிறுத்துய்யா!"

கூடத்துக்குள் பாய்ந்தார். தளத்துக்குப் பலகையும் முட்டும் கொடுத்த சென்ட்ரிங்காரர் நடு முட்டின் ஆப்பைத் தட்டித் தளர்த்திக்கொண்டிருந்தார். இரண்டடி தள்ளி அக்கா குனிந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மேஸ்திரி, அடுத்த சைட்டுல பலகைக்குக் காத்துக்கிட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும். அந்த ஆப்பை இறுக்கு முதல்ல. இருபத்தோராம் நாள் வரைக்கும் எந்த முட்டு மேலயும் கை வைக்கக் கூடாது. மேல மறுபடி பாத்தி கட்டித் தண்ணி விடணும்."

அக்கா நிமிர்ந்தாள். "ஏண்டா, நீதானே இன்னைக்குப் பிரிக்கலாம்னு சொன்னே?"

பொய் சொல்ல நாக்குத் துடித்தது. வானிலை சரியில்லை என்று சொல்லிவிடலாம், அக்கா நம்பிவிடுவாள். வேறு மேஸ்திரி பார்க்கலாம் என்று மாமா சொன்னபோது, "என் தம்பி கையால கட்டின வீட்டுலதான் நான் படுப்பேன்" என்று சண்டை போட்டவள் அவள்.

"சிமெண்ட்டு மாறிப்போச்சுக்கா. பூச்சுக்கு வந்தது தளத்துக்குப் போயிருச்சு. தளத்துக்கு வந்தது சுவத்துல வெடிச்சு நிக்குது. வேற யார் மேலயும் தப்பில்ல. நான்தான் மூட்டையைப் படிக்கல."

சென்ட்ரிங்காரர் ஆப்பை இறுக்கினார். அக்காவின் கையிலிருந்த ஆணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"இப்ப அதை எடுத்திருந்தா?"

"ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்." மேஸ்திரி இறுக்கிய ஆப்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "ஆகியும் இருக்கலாம்."

"நான் கீழ நிக்கறேன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுக்கா."

அக்கா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"வெடிச்ச பூச்சைக் கொத்திட்டு என் செலவுல பூசித் தர்றேன். இன்ஜினீயரைக் கூட்டிட்டு வந்து தளத்தைக் காட்டறேன். அவர் சரின்னு சொன்ன பிறகுதான் முட்டு எடுப்போம். தளம் நல்லா நிக்கும்க்கா. என்னை நம்பு."

அக்கா ஒருமுறை அண்ணாந்து தளத்தைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முட்டுகளுக்கிடையே வழி பார்த்து மெல்ல நடந்து, வாசற்படி தாண்டி வெயிலில் போய் நின்றாள்.

"நம்பறேன்டா" என்றாள் அங்கிருந்தே.