பதினைந்து நாள் வட்டி

குன்னூர் பாங்கில் லெட்ஜர் எழுதும் வெள்ளியங்கிரி காலையிலிருந்தே நாற்காலியை விட்டு எழவில்லை. ஜூன் முப்பது, அரையாண்டு வட்டி போடும் நாள். தேயிலை வியாபாரி ஹபீப் முகமது மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து இறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. தேயிலைப் பெட்டிகளை ஈடு வைத்து அவர் வாங்கிய கேஷ் கிரெடிட் கடன் கணக்கு மட்டும் உயிரோடு இருந்தது. ஆள் செத்தாலும் வட்டி சாகாது, என்ன செய்ய!

பாங்கின் தலைவரான வெள்ளைக்கார ஏஜெண்ட் கறாராகச் சொல்லிவிட்டார். வட்டி ஏறிய பிறகு பாக்கி பத்தாயிரத்தைத் தாண்டினால் பெட்டிகள் ஏலத்துக்குப் போகும். அவை போனால் ஹபீபின் மனைவி ராபியாவுக்குப் பிழைப்பே இல்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவள் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

ஒவ்வொரு பாக்கியையும் அது நின்ற நாட்களால் பெருக்கிக் கூட்டி, ஆறு சதவீதத்தில் வட்டி கண்டான் வெள்ளியங்கிரி. பத்தாயிரத்துக்கு மேல் மூன்று ரூபாய் நின்றது. மறுபடி கூட்டினான். அதே மூன்று ரூபாய்.

டக், டக். ஹபீப் வெள்ளி ரூபாயால் கவுண்டரைத் தட்டுவாரே, அதே சத்தம். அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து நின்றிருந்தது. கவுண்டர் கம்பிக்குக் கீழே ஹபீபின் பாஸ்புத்தகம் நீண்டது. ராபியா யாரிடமோ கொடுத்து அனுப்பியிருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, நிமிராமல் வாங்கினான். அட்டை நனைந்து சில்லிட்டிருந்தது.

மே முதல் தேதி, வரவு இரண்டாயிரம். அவன் கையெழுத்தேதான். லெட்ஜரிலோ அது பதினாறாம் தேதிதான் ஏறியிருந்தது!

தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பணத்தை முதலில் நூர் முகமது என்ற வேறொருவர் கணக்கில் பதிந்துவிட்டான். மொத்தக் கணக்கு நேரானதால் யாருக்கும் தெரியவில்லை. பதினாறாம் தேதி தெரிந்து மாற்றினான், ஹபீபிடமும் சொன்னான். நடுவில் போன பதினைந்து நாளைத்தான் மறந்து தொலைத்தான்.

இரண்டாயிரத்தைப் பதினைந்தால் பெருக்கி, முப்பதாயிரத்தைக் கூட்டுத்தொகையில் கழித்தான். வட்டியில் ஏறக்குறைய ஐந்து ரூபாய் குறைந்தது. பாக்கி பத்தாயிரத்துக்குள் வந்தது. ஏஜெண்ட் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். வட்டியை லெட்ஜரில் பற்று எழுதி, பாஸ்புத்தகத்திலும் அதே வரியை எழுதி வெளியே தள்ளினான். ஒரு கை அதை எடுத்துக்கொண்டது.

வெள்ளியங்கிரி பெஞ்சுக்கு ஓடினான்.

"பயப்படாதீங்கம்மா, பெட்டிங்க ஏலத்துக்குப் போகாது. நல்லவேள, பாஸ்புத்தகத்தக் குடுத்து உட்டீங்க."

ராபியா விழித்தாள்.

"நானாங்க? அது அவரு சட்டப்பையிலதானுங்க இருந்துச்சு. பள்ளத்துல எத்தன தேடியும் கெடைக்கலீங்க. 'பதினஞ்சு நாள் வட்டியச் சேத்திப் போட்டுருவாங்க, பாங்குல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தர்றேன்'னுதான் அன்னைக்குப் பொறப்பட்டாருங்க."

சொல்லிவிட்டு அழுதாள். வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தான். கவுண்டரில் ஆள் இல்லை. பலகையில் மட்டும் ஈரம் இருந்தது.